எதுக்கும் அக்காவின் ஆறு மில்லிமீட்டர்

வேலையிடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எதுக்கும் அக்கா' என்றுதான் சொல்வார்கள். கட்டடக் காவலர்கள், லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள், அலுவலகத்தில் கோப்பு எடுத்துத் தருபவர்கள் எல்லோருக்கும் அவள் எதுக்கும் அக்காதான். வாயைத் திறந்தால் முதல் சொல் அதுவாக இருக்கும். "எதுக்கும் ஒரு தரம் பாத்துடுவோம்." "எதுக்கும் அந்த நட்டை இன்னொரு சுத்து முறுக்குங்க." "எதுக்கும் குடை எடுத்துக்கோங்க."

அவள் லிஃப்ட் ஆய்வாளர். நகரத்தின் கிழக்குப் பாதியில் உள்ள முந்நூற்றுச் சொச்சம் லிஃப்டுகள் அவள் கையெழுத்தை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன. எந்தப் பெட்டியிலும் மற்றவர்களைப் போலச் சட்டென்று நுழைந்துவிட மாட்டாள். கதவின் ஓரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், இடது காலின் நுனியால் தரையை இரண்டு முறை தட்டுவாள், அதற்குப் பிறகுதான் உள்ளே போவாள். கடையில் காய் வாங்கப் போகிற நாளிலும் இதே சடங்குதான். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவது அவள் காதில் விழாது.

வேலையில் இந்தக் குணம் பொன்னாக மதிக்கப்பட்டது. பதினாறு வருடத்தில் அவள் பார்த்த லிஃப்டில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. எங்கே எது உடையும், எந்தக் கம்பி எப்போது தேயும் என்று முன்கூட்டியே கற்பனை செய்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தக் கற்பனையை மாலை ஐந்து மணிக்கு எந்த ஆணியில் கழற்றி மாட்டுவது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அது வீட்டுக்கும் கூடவே வந்தது.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவர், ஒன்பது வயது மகள். கணவர் ரொட்டி அடுமனையில் வேலை செய்கிறார். விடியுமுன் போய் நண்பகலில் திரும்பிவிடுவார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "உங்களுக்குக் கொஞ்சமாவது கவலை இருக்கா?" என்று ஒருநாள் அவள் கேட்டதற்கு, "நீதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் படறியே. நானும் பட்டா வீட்டுல இடம் பத்தாது" என்று சொல்லிவிட்டு மாவு ஒட்டிய காதைச் சொறிந்துகொண்டார்.

மகளைக் 'குட்டி' என்பார்கள். குட்டியின் பைக்குள் எப்போதும் இரண்டு கைக்குட்டை, ஒரு மாற்றுச் சட்டை, பிளாஸ்திரி, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கும். அட்டை நனைந்துவிட்டால் எடுத்துக்கொள்ள இன்னொரு அட்டையும் இருக்கும். 

விஷயம் தொடங்கியது பள்ளிக்கூட நர்ஸின் அறையில்.

"உக்காருங்க" என்றாள் நர்ஸ். மேசையில் ஒரு பதிவேடு விரிந்து கிடந்தது. "உங்க பொண்ணு வயித்து வலின்னு இங்க வந்த தேதி எல்லாம் இதுல இருக்கு. பாருங்க. முதல்ல மாசத்துக்கு ஒரு தரம். அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம். இப்போ வாரத்துக்கு ரெண்டு."

"டாக்டர்கிட்ட காட்டினோம். ஒண்ணுமில்லன்னு சொன்னார். எதுக்கும் ஸ்கேன் எடுத்துடலாமான்னு..."

"ஸ்கேன்ல இது தெரியாது. தேதிக்கு நேரா நான் இன்னொண்ணு எழுதியிருக்கேன், படிங்க."

படித்தாள். வருகைப் பதிவேட்டை வகுப்பிலிருந்து அலுவலகத்துக்குத் தனியாகக் கொண்டுபோகும் முறை குட்டிக்கு வந்த நாள். சத்தமாக வாசிக்க வேண்டிய நாள். புது ஆசிரியை வந்த நாள். 

"அப்போ பொய் வலியா?"

"ஐயோ, பொய்யே இல்ல. நிஜமா வலிக்குது. பயம் முதல்ல வந்து உக்கார்ற இடமே வயிறுதான். அவ இங்க வருவா, நான் உங்களுக்குப் போன் போடுவேன், நீங்க ரெண்டு நிமிஷம் பேசுவீங்க. வலி போயிடும். என்கிட்ட இருக்கற எந்த மாத்திரையும் இவ்வளவு வேகமா வேலை செய்யாது."

அவளுக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "நல்லதுதானே?"

"அங்கதான் சிக்கலே." நர்ஸ் பேனாவால் காகிதத்தில் ஒரு மேடு வரைந்தாள். "பயம் இப்படி ஏறும். உச்சிக்குப் போகும். அங்கேயே குடியிருக்காது, தானாவே இறங்கிடும். ஆனா உச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே நாம ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்துடறோம். அது தானா இறங்கும்ங்கறது குழந்தைக்குத் தெரியறதே இல்ல. அம்மா வந்ததாலதான் பொழைச்சோம்னு நினைச்சுக்கும். அடுத்த தரம் அம்மா இன்னும் சீக்கிரமா வேணும்."

எதுக்கும் அக்கா அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் இப்படி ஒரு வரைபடம் கிடைத்தால் உடனே கேள்வி கேட்பாள். இப்போதும் கேட்டாள்.

"பழுது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "உங்க தொழில் அதுதானே? ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க. சும்மா கவனிங்க."

அவளிடம் நீல அட்டை போட்ட ஆய்வுக் குறிப்பேடுகள் நிறைய இருந்தன. ஒன்றைப் புதிதாகத் திறந்தாள். முதல் பக்கத்தில் வழக்கம்போல 'லிஃப்ட் எண்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, 'வீடு' என்று எழுதினாள்.

முதல் நாள் கணக்கே அவளை உட்கார வைத்துவிட்டது. காலையில் கண் விழித்ததிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை 'பாத்து' என்ற சொல் பதினான்கு தடவை. 'எதுக்கும்' ஒன்பது. பென்சில் வாங்கப் போன கடையில் கடைக்காரர் குனிந்து குட்டியிடம், "எந்தக் கலர் வேணும்மா?" என்று கேட்டார். குட்டி வாயைத் திறப்பதற்குள் அவளே, "பச்சை" என்றுவிட்டாள். குட்டி வாயைத் திறக்கவே இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தக் குழந்தை பதிலுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தது. பச்சைதான் பிடிக்குமா என்பதே தனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் இன்னொன்று தெரிந்தது. வழியில் ஒரு பெரிய நாய் வந்தது. குட்டி நாயைப் பார்க்கவில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தோள் விறைத்தது. அதற்குப் பிறகுதான் குட்டி பின்வாங்கினாள். அவள் எழுதிக்கொண்டாள்: 'முதலில் என் முகம். அப்புறம் நாய்.' கீழே கோடு போட்டாள். 

வேடிக்கை என்னவென்றால், தவறு கண்டுபிடிக்கிறோம் என்ற வருத்தத்தைவிட, அடடா இது இப்படித்தான் ஓடுகிறதா என்ற ஆர்வம்தான் அவளுக்கு மேலோங்கியிருந்தது. இயந்திர அறையின் கதவை முதல்முறை திறந்து விளக்கைப் போடுகிற நேரத்தில் வருகிற அதே ஆர்வம்.

ஐந்தாம் நாள் சொந்தக் கட்டடத்தின் லிஃப்டில்தான் விஷயம் பிடிபட்டது. அவர்கள் முன்கட்டடத்தில் நான்காவது மாடி. லிஃப்டின் உட்சுவர் பளபளப்பான எஃகுத் தகடு, முகம் பார்க்கலாம். வழக்கம்போலக் கதவைத் தொட்டு, தரையைத் தட்டி உள்ளே போனாள். குட்டியும் கதவைத் தொட்டு, தரையைத் தட்டி, பின்னாலேயே வந்தாள். இரண்டு முறை, இடது கால் நுனி. இதை எத்தனை வருடமாகச் செய்கிறாள் இவள்?

லிஃப்ட் கிளம்பும்போது ஒரு சின்னக் குலுக்கல் வரும். பிரேக் விடுபடுகிற குலுக்கல். பிரேக் சரியாக வேலை செய்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம், இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த நகரத்திலேயே நாலு பேர்தான் இருப்பார்கள். குலுங்கியது. எஃகுத் தகட்டில் அவள் தன் கையைப் பார்த்தாள். அது குட்டியின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. குட்டியின் கண்கள் கதவில் இல்லை, மாடி எண்ணில் இல்லை. அம்மாவின் அந்தக் கையில் இருந்தன.

நான்காவது மாடியில் இறங்கியதும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். 

"குட்டி, உனக்கு லிஃப்ட்னா பயமா?"

"ம்."

"ஏன்?"

குட்டி இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். "ஊர்ல இருக்கற எல்லா லிஃப்டும் உனக்குத் தெரியும்."

"ஆமா."

"நீயே பிடிச்சுக்கறே. அப்போ அதுல ஏதோ இருக்கு. எனக்குத்தான் தெரியல."

எவ்வளவு சுத்தமான தர்க்கம்! நிபுணர் பயப்படுகிறார், ஆகவே ஆபத்து உண்டு. அந்த இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தானே முடிவுக்கு வருவோம் என்று நினைத்தாள். ஒன்பது வருடம் அந்தத் தோளில் தன் கையால் ஒரு பாடத்தை எழுதியிருக்கிறாள், வாயால் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிக்கொண்டே. குழந்தை வாயை நம்பவில்லை. கையை நம்பியது.

தன் கைக்கு இது எங்கிருந்து வந்தது என்று அன்று மாலையே ஒரு விடை கிடைத்தது. ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. தினமும் அடிப்பதுதான். வெகுதூரத்தில் இருக்கும் அவள் அப்பா.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்ப்பா."

"சரி. வெச்சுடறேன்."

நாற்பத்தோரு வயதிலும் அவள் வேலையிலிருந்து வீடு சேர்ந்ததை ஒருவருக்கு அறிவிக்க வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு சாலையைக் கடந்ததை நினைத்துப் பார்த்தாள். வண்டிகள் எதுவுமே ஞாபகத்தில் இல்லை. அப்பாவின் பிடியில் மணிக்கட்டு வலித்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

இதற்கு நடுவில்தான் கிளி விவகாரம்.

கிளி என்பது குட்டியின் ஒரே தோழி. வாய் ஓயாத பெண் என்பதால் அந்தப் பட்டப்பெயர். போன வருடம் வரை பக்கத்து வீடு. இப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் பின்கட்டடத்தில் ஒன்பதாவது மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். சனிக்கிழமைகளில் கிளியும் இன்னொரு பெண்ணும் அட்டைப்பெட்டியில் பொம்மலாட்ட மேடை செய்துகொண்டிருந்தார்கள். குட்டியையும் கூப்பிட்டார்கள். எதுக்கும் அக்காவும் கூடப் போனாள். கத்தரிக்கோல் இருக்கிறதே. மூலையில் ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். 

"இந்த வாரம் போகலம்மா" என்றாள் குட்டி. குரலில் அழுகை இல்லை, அதுதான் மோசம். "நீ வந்தா சத்தமாப் பேச முடியலன்னு கிளி சொன்னா. நீ வராம எனக்கு வரத் தெரியாதுன்னு நான் சொன்னேன். அப்போ அந்தப் பொண்ணையே ராணி பொம்மைக்கு வெச்சுக்கறேன்னு சொல்லிட்டா."

"பரவால்ல விடு கண்ணு. நாம வீட்டுலயே செய்வோம்."

சொன்ன மாத்திரத்தில் தன் நெஞ்சுக்குள் ஏதோ இளகியதைக் கவனித்தாள். நிம்மதி. மகளின் ஒரே நட்பு கையை விட்டுப் போகிறது, அம்மாவுக்கு நிம்மதி. ஒன்பதாவது மாடி இல்லை, கத்தரிக்கோல் இல்லை, முற்றத்தில் பின்னோக்கி எடுக்கும் வண்டி இல்லை. அன்றைய பக்கத்தில் இதையும் எழுதினாள். எழுதும்போது கை கூசியது.

மறுநாள் நர்ஸிடம் போனாள். நர்ஸ் மந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. "ஏணி மாதிரி போங்க. படியை அவளே எழுதட்டும், ரொம்பச் சின்னதுல ஆரம்பிக்கட்டும். ஒவ்வொரு படியும் சலிச்சுப் போற வரைக்கும் செய்யட்டும். ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணாதீங்க, அது நம்ம கையில இல்ல. பயமா இருக்கும், உன்னால முடியும், அவ்வளவுதான் பேச்சு. பாதியில போய்க் காப்பாத்தாதீங்க."

"அவளால தாங்க முடியலன்னா?"

"அவளால தாங்க முடியும். உங்களால முடியுமாங்கறதுதான் எனக்குச் சந்தேகம்."

வீட்டுக்கு வந்ததும் குட்டியிடம் அவள் முதலில் ஒன்றைச் சொன்னாள். அதைச் சொல்வதற்கு ஆய்வு அறிக்கையில் கையெழுத்து போடுவதைவிட அதிக நேரம் பிடித்தது. "நான் லிஃப்ட்ல பிடிச்சுக்கறது லிஃப்ட் மேல தப்பு இருக்கறதால இல்ல. என் கைக்கு அப்படிப் பழகிப்போச்சு. லிஃப்ட் நல்லா இருக்கு. கைதான் ரிப்பேர்."

குட்டி அந்தக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி பண்ண முடியுமா?"

"பாப்போம். நீயும் நானும் சேந்து."

ஏணியை எழுதியது குட்டிதான். ஒன்று, அம்மா கையைப் பையில் விட்டுக்கொண்டு ஒரு மாடி. இரண்டு, அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று நான்கு மாடி. மூன்று, அம்மா படிக்கட்டில், குட்டி லிஃப்டில், ஒரு மாடி. நான்கு, அதே மாதிரி நான்கு மாடி. ஐந்து, அம்மா வீட்டில். குட்டி மட்டும் முற்றத்தைத் தாண்டி, பின்கட்டடம், ஒன்பதாவது மாடி, கிளி வீடு. ஐந்தாவதை எழுதிவிட்டுப் பக்கத்தில் 'ஒருவேளை' என்று சேர்த்தாள்.

முதல் படியை ஒரே மாலையில் பதினோரு தடவை செய்தார்கள். பையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்த மாடிவீட்டுக்காரர், "என்ன, லிஃப்டுக்குத் துணையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டாவது தடவையில் குட்டி கொட்டாவி விட்டாள். அம்மாவின் கை சட்டைப்பைக்குள் முஷ்டியாக இருந்தது. குலுக்கல் வரும்போதெல்லாம் இறுகியது, ஆனால் யார் தோளிலும் இல்லை.

மூன்றாவது படியில் சறுக்கியது. குட்டி தனியாக ஏறினாள், கதவு மூடியது, அவள் தடுமாறிப் பொத்தானை அழுத்துவதற்குள் மேலே யாரோ கூப்பிட்டுவிட்டதால் லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்காமல் ஆறுக்குப் போய்விட்டது. அம்மா படிக்கட்டில் ஓடினாள். ஆறாவது மாடியில் குட்டி சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். தூக்கிக்கொள்ளக் கை பறந்தது. 'போதும், இனிமே வேண்டாம்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எதுவும் பேசவில்லை. குட்டி அழுதாள். பிறகு விக்கினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். மொத்தம் ஆறு நிமிடம். நர்ஸ் வரைந்த மேடு கண்முன்னால் ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கியது. 

"இறங்கிடுச்சு" என்றாள் குட்டி, தானே ஆச்சரியப்பட்டு.

"என்னது?"

"வயிறு."

அன்றைக்கே இன்னொரு தரம் செய்தார்கள். குட்டிதான் கேட்டாள்.

இரண்டு வாரத்தில் நான்காவது படியும் சலித்துப்போனது. வெள்ளிக்கிழமை மாலை குட்டி ஏணியை எடுத்து, 'ஒருவேளை' என்ற சொல்லை அடித்தாள். "நாளைக்குப் போறேன். கிளிகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லது" என்றாள் எதுக்கும் அக்கா. முகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு, கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்கு யாராவது டார்ச்சும் எஃகு அளவுகோலும் எடுத்துக்கொண்டு போவார்களா? நேராகப் பின்கட்டடத்துக்குப் போனாள்.

அங்கே கட்டடக் காவலர் நாற்காலியில் உட்கார்ந்து காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க அக்கா. என்ன, புகார் ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல. எதுக்கும் ஒரு தரம்..."

"போன மாசம்தானே நீங்களே வந்து பாத்துட்டுக் கையெழுத்து போட்டீங்க? மை இன்னும் காயல."

அவள் டார்ச்சை எடுத்தாள். கதவு உணரியைப் பார்த்தாள், சரி. அவசர மணியைப் பார்த்தாள், சரி. ஒவ்வொரு மாடியாக நிறுத்திப் பார்த்தாள். ஒன்பதாவதில் பெட்டியின் தரை, மாடித் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. முழங்காலிட்டு அளவுகோலை வைத்தாள். ஆறு மில்லிமீட்டர். விதி அனுமதிப்பது பத்து. ஆறுக்காக அவள் எந்த லிஃப்டையும் நிறுத்தியதில்லை. ஆறு மில்லி என்பது ஒரு பென்சிலின் கனம்கூட இல்லை.

ஒரு குழந்தையின் காலணி நுனி அதில் தட்டினால்? தட்டி விழுந்தால்? விழும்போது கதவு மூடினால்?

கீழே வந்தாள். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். 'ஆய்வாளர் உத்தரவு. பயன்படுத்தக் கூடாது.' கதவில் மாட்டினாள். அட்டை கயிற்றில் ஆடி நின்றது. கூடவே நெஞ்சுக்குள் அந்தப் பழைய இளக்கமும் வந்தது. நாளைக்குக் குட்டி போக வேண்டியதில்லை. யார் மீதும் தப்பும் இல்லை.

"என்ன பழுது?" காவலர் எழுந்து வந்தார்.

"ஒன்பதாவதுல தரைமட்டம் ஆறு மில்லி இறங்குது."

"ஆறா?" அவர் விரலை நீட்டி, கட்டைவிரலால் ஒரு துளியைக் காட்டினார். "அக்கா, நீங்களே எட்டுக்குக் கையெழுத்து போட்டு நான் பாத்திருக்கேன். கழுதை வயசான லிஃப்டுக்கு ஆறு ஏழெல்லாம் இருக்கறதுதான்னு நீங்களே சொல்லிச் சிரிச்சீங்க."

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கைக்குழந்தையின் தள்ளுவண்டி, இரண்டு பைகள். சிவப்பு அட்டையைப் படித்தாள். மேலே படிக்கட்டைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வண்டியை மடக்கப் பார்த்தாள்.

"எத்தனாவது மாடி?" என்று கேட்டாள் எதுக்கும் அக்கா.

"ஏழு."

லிஃப்டைச் சோதிக்க அவர்கள் இரும்பு எடைக்கட்டிகளை ஏற்றுவார்கள். தாங்க வேண்டிய பாரத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக வைத்து, ஓட விட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பாரமே ஏற்றாமல், ஓட்டியே பார்க்காமல், பூட்டி வைத்துவிட்டு 'பத்திரமாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுக்கிற ஆய்வாளரை அவள் தன் அலுவலகத்தில் விட்டுவைத்திருப்பாளா? அந்த அறிக்கையைக் கிழித்து எறிந்திருப்பாள். தன் சிவப்பு அட்டை லிஃப்டின் மீது இல்லை என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது. அவள் அதைக் குட்டியின் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

அட்டையைக் கழற்றினாள். "தப்பாப் பாத்துட்டேன். நல்லா இருக்கு. ஏறுங்கம்மா" என்றாள். காவலரிடம், "ஒன்பதாவதை மட்டம் பண்ண திங்கட்கிழமை ஆள் அனுப்பறேன். அதுவரைக்கும் ஓடட்டும்."

காவலர் காலணித் துணியை உதறினார். "நாளைக்கு உங்க பொண்ணு வருதாமே? ஒன்பதாவது வீட்டு வாயாடிப் பொண்ணு போற வரவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கு."

அவளுக்குக் காது சூடானது. "நீங்க அவளை..." என்று ஆரம்பித்தாள். 'கொஞ்சம் பாத்துக்கோங்க' என்பதை விழுங்கிவிட்டாள். "அவளை நீங்க வழக்கமா எப்படிப் பாப்பீங்களோ அப்படியே பாருங்க."

"காலை மிதியடியில துடைன்னு சத்தம் போடுவேன்."

"போடுங்க."

சனிக்கிழமை பத்து மணி. குட்டி பையைத் தோளில் மாட்டினாள். மாற்றுச் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டிருந்தாள். வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை வரும் என்று அவளுக்குத் தெரியும். பொய்ச் சிரிப்பு எதுவும் ஒட்டவைக்கவில்லை.

"எனக்கும் கொஞ்சம் வயித்தைக் கலக்குது" என்றாள். "போயிட்டு வா. உன்னால முடியும்."

"பன்னெண்டு மணிக்கு வருவேன்."

கணவருக்கு அன்று விடுமுறை. சமையலறை ஜன்னலில் இருவரும் நின்றார்கள். கீழே முற்றத்தில் நீலச் சட்டை தெரிந்தது. ஓரமாக நடந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது, இடமும் வலமும் பார்த்தது. யாரும் சொல்லாமலே பார்த்தது. பிறகு பின்கட்டடத்தின் வாயில் அதை விழுங்கிக்கொண்டது.

"இப்போ லிஃப்ட்ல இருப்பா" என்றாள். "இப்போ மூணாவது... கிளி அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, வந்தாளான்னு மட்டும்..."

"போடு" என்றார் கணவர். போனைத் தூக்கி மேசையில் வைத்தார். "போட்டா யாருக்கு வலி போகும்?"

அவள் போனைப் பார்த்தாள். பயம் வயிற்றில் ஏறியது. தாங்க முடியாது என்று தோன்றிய இடத்தில் இருந்து ஒரு நிமிடம் தாங்கினாள். இன்னொரு நிமிடம். பிறகு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள், அதைத் துடைத்து முடிக்கும்போது ஒரு விஷயத்தை ஆர்வமாகக் கவனித்தாள்: இறங்கியிருந்தது. நாற்பத்தோரு வயதில் முதல்முறையாகத் தானாக இறங்கியிருந்தது.

பன்னிரண்டானது. பன்னிரண்டு இருபத்திரண்டுக்குக் கதவு தட்டப்பட்டது. குட்டியின் கன்னத்தில் பசை, முழங்கையில் வண்ணம்.

'ஏன் லேட்? பயந்தியா?' இரண்டு கேள்வியும் வரிசையில் முண்டியடித்தன. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மூன்றாவதைக் கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"ஆறாவது மாடியில இறங்கிட்டேன்!" குட்டிக்கு மூச்சு வாங்கியது. "ஒன்பதுன்னு நினைச்சு ஆறை அழுத்தியிருக்கேன். எல்லாக் கதவும் ஒரே மாதிரிம்மா. மணி அடிச்சா ஒரு மாமா வந்தார், கையில பூனை. கிளி இருக்காளான்னு கேட்டேன். இங்க பூனைதான் இருக்குன்னார்."

கணவர் சத்தமாகச் சிரித்தார்.

"அப்புறம்?" என்றாள் எதுக்கும் அக்கா. மனதுக்குள் ஆறாவது மாடி, அந்நியர், மூடிய கதவு எல்லாம் ஒரு சுற்று ஓடி நின்றன.

"வயிறு வலிச்சுது. சுவர்ல நம்பர் எழுதியிருந்துச்சு, பாத்தேன். மறுபடியும் லிஃப்டைக் கூப்பிட்டு ஒன்பதை அழுத்தினேன். மேல போகும்போதே சரியாயிடுச்சு." பையைக் கழற்றினாள். "ராணி பொம்மை எனக்குக் கிடைக்கல. நான் டிராகன். டிராகனுக்குத்தான் வசனம் ஜாஸ்தி. சத்தமாக் கத்தணும்."

தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள். "அம்மா, அந்த லிஃப்ட் ஒன்பதாவதுல கொஞ்சம் கீழ நிக்குது. கால்ல தெரிஞ்சுது. அது பரவால்லையா?"

வாய் திறந்தது. பரவாயில்லை, பயப்படாதே, விதி பத்து வரை அனுமதிக்கிறது. எல்லாம் தயாராக இருந்தது. "உனக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டாள்.

குட்டி யோசித்தாள். "காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சேன். அவ்வளவுதான்."

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தபோது எடுத்தது குட்டி. "வந்துட்டோம் தாத்தா. நான் தனியாப் போயிட்டுத் தனியா வந்துட்டேன்." அந்தப் பக்கம் தாத்தா என்னவோ கேட்டார் போல, குட்டி, "இல்ல, அம்மா வீட்டுலதான் இருந்தாங்க. அடுப்பைத் துடைச்சுட்டு இருந்தாங்கன்னு அப்பா சொன்னார்" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஏணிக் காகிதத்தை எடுத்து வந்தாள். ஐந்துக்குக் கீழே ஆறு என்று போட்டு, 'தனியாகக் கடை. பென்சில். நீலக் கலர்' என்று எழுதினாள். நீலமா! எதுக்கும் அக்காவுக்குள் பயம் மறுபடி ஏறத் தொடங்கியது. கடைக்கு ஒரு சாலையைக் கடக்க வேண்டும். 

"எதுக்கும்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

குட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லும்மா. எதுக்கும் என்ன?"

அவள் தேடினாள். மனதில் ஒரு பெரிய பட்டியலே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, தள்ளினாள். கடைசியில் ஒன்று மட்டும் நின்றது.

"எதுக்கும் வீட்டுச் சாவியை எடுத்துட்டுப் போ."

குட்டி சற்று நேரம் அதை எடை போட்டாள். "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் ஓரமாக எழுதிக்கொண்டாள்.